ஏழு வரி ஸ்லாப், ஒரே கூட்டல்

சம்பளக் கணக்குப் போடும் எக்செல் கோப்புகளைத் திறந்து பார்த்தால், வருமான வரிக் கட்டத்தில் பெரும்பாலும் மூன்று வரி நீளத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கும். IF-க்குள் IF, அதற்குள் இன்னொரு IF, கடைசியில் வரிசையாக ஆறு அடைப்புக்குறிகள். அதை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால், அடுத்த பட்ஜெட்டில் ஸ்லாப் மாறும்போது அதைத் தொட யாருக்கும் தைரியம் வராது.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையை எடுத்துக்கொள்வோம். முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அதற்கு மேல் 8 லட்சம் வரை 5%, 12 லட்சம் வரை 10%, 16 லட்சம் வரை 15%, 20 லட்சம் வரை 20%, 24 லட்சம் வரை 25%, அதற்கும் மேலே 30%.

இதை IF வைத்து எழுதுபவர் ஒவ்வொரு ஸ்லாபையும் தனித்தனி அறையாகப் பார்க்கிறார். வருமானம் எந்த அறையில் விழுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கீழே உள்ள அறைகளின் மொத்த வரியை ஒரு நிலையான எண்ணாகக் கூட்ட வேண்டும். 16 லட்சத்தைத் தாண்டியவருக்கு 1,20,000, 20 லட்சத்தைத் தாண்டியவருக்கு 2,00,000 என்று அந்த எண்கள் சூத்திரத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கும். ஒரு விகிதம் மாறினால் அதற்கு மேலே உள்ள எல்லா எண்களும் மாற வேண்டும். அதில் ஒன்றை மறந்தாலும் எக்செல் பிழை எதுவும் காட்டாது. வரி மட்டும் தப்பாக வரும்.

இதையே வேறு மாதிரி பார்க்கலாம். ஒருவருடைய வருமானம் 8 லட்சத்தைத் தாண்டும்போது உண்மையில் என்ன நடக்கிறது? 5% வரி நின்றுபோய் 10% தொடங்குகிறது என்று சொல்வோம். 5% நிற்கவில்லை, அது தன்பாட்டுக்குத் தொடர்கிறது, அதன் மேல் இன்னொரு 5% சேர்ந்துகொள்கிறது என்று சொன்னாலும் கணக்கு அதேதான். 12 லட்சத்தில் மூன்றாவதாக ஒரு 5% சேர்கிறது. இப்படிப் பார்த்தால் எந்த அறையில் இருக்கிறோம் என்ற கேள்வியே தேவையில்லை. ஒவ்வொரு வரம்பையும் வருமானம் எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று பார்த்து, அந்தத் தொகையை அங்கே புதிதாகச் சேரும் விகிதத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 19,35,000. சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் 18,60,000. வழக்கமான முறையில் 20,000, 40,000, 60,000, அப்புறம் 16 லட்சத்துக்கு மேலே உள்ள 2,60,000-க்கு 20% வீதம் 52,000. மொத்தம் 1,72,000.

கூட்டல் முறையில், இவர் 4 லட்சத்தை 14.6 லட்சம் தாண்டியிருக்கிறார். 8 லட்சத்தை 10.6, 12 லட்சத்தை 6.6, 16 லட்சத்தை 2.6 லட்சம் தாண்டியிருக்கிறார். கூட்டினால் 34.4 லட்சம். அதில் 5% எடுத்தால் அதே 1,72,000.

2025-26-இன் ஸ்லாப்களில் ஒவ்வொரு வரம்பிலும் சரியாக 5% கூடுவதால் கடைசியில் ஒரே ஒரு பெருக்கல்தான் வந்தது. எல்லா ஆண்டும் இப்படி அமையாது. 2024-25-இல் 15 லட்சம் வரம்பில் 20% நேரே 30% ஆனது. அந்த இடத்தில் வித்தியாசம் 10%. பழைய வரி முறையில் 2.5, 5, 10 லட்சங்களில் 5, 20, 30 என்று ஏறுவதால் வித்தியாசங்கள் 5, 15, 10. அதனால் வரம்புகளை D2 முதல் D7 வரையும், அந்தந்த இடத்து வித்தியாசத்தை E2 முதல் E7 வரையும் ஒரு சிறு அட்டவணையாக எழுதிக்கொள்வது நல்லது. வருமானம் A2-இல், வரி B2-இல் என்றால்:

```
=SUMPRODUCT((A2>$D$2:$D$7)*(A2-$D$2:$D$7)*$E$2:$E$7)
```

முதல் அடைப்புக்குறி, வரம்பைத் தாண்டினால் 1, தாண்டாவிட்டால் 0. தாண்டாத வரம்புகள் பூஜ்யத்தால் பெருக்கப்பட்டுக் காணாமல் போகின்றன. > போடுவதா >= போடுவதா என்ற வழக்கமான குழப்பமும் இங்கே இல்லை: வருமானம் வரம்பிலேயே நின்றால் தாண்டிய தொகை எப்படியும் பூஜ்யம்தான். கூகுள் ஷீட்ஸிலும் இதே சூத்திரம் வேலை செய்யும். அடுத்த ஆண்டு ஸ்லாப் மாறினால் அட்டவணையை மட்டும் திருத்தினால் போதும்.

இதில் தப்பு நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, E நிரலில் வித்தியாசத்துக்குப் பதில் 5%, 10%, 15% என்று முழு விகிதத்தையே போட்டுவிடுவது. அப்போது நம் உதாரணத்துக்கு 3,30,000 வரும். இரண்டாவது, டாலர் குறியை விட்டுவிட்டு சூத்திரத்தைக் கீழே இழுப்பது. அட்டவணை ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டம் நழுவி, கீழே போகப் போக எல்லாருக்கும் வரி பிசகும். இரண்டையும் பிடிக்க ஒரே சோதனை போதும்: வரம்புத் தொகைகளையே வருமானமாக அடுத்தடுத்த வரிசைகளில் கொடுத்துப் பாருங்கள். 4 லட்சத்துக்கு 0, 8-க்கு 20,000, 12-க்கு 60,000, 16-க்கு 1,20,000, 20-க்கு 2,00,000, 24-க்கு 3,00,000 வர வேண்டும்.

சரி, 12 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார்களே, 60,000 எங்கிருந்து வந்தது? அது ஸ்லாப் வரி. 87A பிரிவின் தள்ளுபடி அதை அப்படியே கழித்துவிடுகிறது. 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவருக்குத் தள்ளுபடி கிடையாது. ஆனால் தாண்டிய தொகையைவிட அதிகமாக வரி கட்ட வேண்டாம் என்று சட்டமே ஒரு நிவாரணம் தருகிறது. 12,10,000 வருமானத்துக்கு ஸ்லாப் வரி 61,500. கட்ட வேண்டியது 10,000 மட்டுமே. இங்கேதான் பலரும் மறுபடி IF-ஐத் தேடிப் போகிறார்கள். அதுவும் தேவையில்லை:

```
=MAX(0, MIN(B2, A2-1200000))
```

12 லட்சத்துக்குக் கீழே கழித்தல் எதிர்ம எண்ணைத் தரும், MAX அதைப் பூஜ்யமாக்கும். கொஞ்சம் மேலே போனால் தாண்டிய தொகை சிறியதாக இருப்பதால் MIN அதை எடுத்துக்கொள்ளும். சுமார் 12,70,588-ஐத் தாண்டியதும் ஸ்லாப் வரியே சிறியதாகிவிடும்; அங்கிருந்து நிவாரணம் தானாக மறைகிறது. தள்ளுபடியும் நிவாரணமும் ஒரே வரியில் முடிந்தன. இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு மட்டுமே இது பொருந்தும். பங்கு விற்ற லாபம் போல் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானம் இருந்தால் அதைத் தனியே பிரித்துக் கணக்கிட வேண்டும்.

கிடைத்த விடையோடு 4% செஸ் சேர்த்து, பத்து ரூபாய்க்கு முழுதாக்க `ROUND(..., -1)` போட்டால் முடிந்தது. நம் உதாரணத்தில் 1,78,880.

50 லட்சத்தைத் தாண்டுபவர்களுக்கு மட்டும் கூட்டல் முறை உடைகிறது. சர்சார்ஜ் என்பது தாண்டிய தொகைக்கு மட்டும் போடுவதில்லை. மொத்த வரியின் மேலும் 10% விழுகிறது. 50 லட்சத்துக்கு வரி 10,80,000. ஒரு ரூபாய் கூடினால் மேலே 1,08,000 குதிக்கும். வித்தியாச விகிதம் எதைப் போட்டாலும் இந்தக் குதிப்பைக் கூட்டலுக்குள் கொண்டுவர முடியாது. இங்கேயும் சட்டம் நிவாரணம் தருவதால், 50 லட்சத்துக்கு மேல் 1 கோடி வரையிலான வருமானத்துக்கு, செஸ் சேர்க்கும் முன், இப்படி எழுதலாம்:

```
=MIN(B2*1.1, 1080000+A2-5000000)
```

சுமார் 51.61 லட்சம் வரை இரண்டாவது பகுதிதான் சிறியதாக இருக்கும். அதற்கு மேல் முதல் பகுதி. 1 கோடி, 2 கோடி வரம்புகளில் சர்சார்ஜ் விகிதம் மறுபடி ஏறும்போது ஒவ்வொன்றுக்கும் இதேபோல் ஒரு MIN தனியாக எழுத வேண்டியிருக்கும்.