நடைபெறவுள்ளதா, நடைபெறயுள்ளதா? உடம்படுமெய்யைச் சரிபார்க்கும் வழி

மெய்ப்புப் பார்க்க வரும் அழைப்பிதழ்களிலும் செய்திக் குறிப்புகளிலும் அடிக்கடி தென்படும் பிழை ஒன்று உண்டு: 'விழா நடைபெறயுள்ளது', 'அமைச்சர் வரயிருக்கிறார்'. சந்திப்பிழை என்றதும் க், ச், த், ப் மிகுவதைத்தான் தேடுகிறோம். இவை கண்ணில் படாமல் அச்சுக்குப் போய்விடுகின்றன.

உயிரில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் சேரும்போது, இரண்டு உயிரையும் இணைக்க இடையில் ய் அல்லது வ் வரும். அதுதான் உடம்படுமெய். நன்னூல் இதை ஒரே நூற்பாவில் சொல்லிவிடுகிறது: 'இ ஈ ஐவழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும் ஏமுன் இவ்விருமையும்'. முதல் சொல்லின் கடைசி ஒலி இ, ஈ, ஐ என்றால் ய். ஏ என்றால் இரண்டும் வரலாம் (தேவாரம், ரயில்வேயில்). மற்ற உயிர்களுக்கு வ். வருகிற சொல் எந்த உயிரில் தொடங்கினாலும் இது மாறாது.

ஐயம் வரும்போது சொல்லைப் பிரித்து எழுதிப் பாருங்கள். 'நடைபெறயுள்ளது' என்பதைப் பிரித்தால் நடைபெற + உள்ளது. கடைசி எழுத்து ற, அதாவது ற் + அ. ஈறு அகரம் என்பதால் வ்தான் வர வேண்டும்: நடைபெறவுள்ளது. அதே வழியில் வர + இருக்கிறார் வரவிருக்கிறார் ஆகும். தேவை + உள்ளது என்பதில் ஈறு ஐ, ஆகவே தேவையுள்ளது. 'தேவையுள்ளது' எழுதிப் பழகிய கைதான் 'நடைபெறயுள்ளது' என்றும் எழுதிவிடுகிறது என்பது என் கணிப்பு. சேர்க்காமல் 'நடைபெற உள்ளது' என்று இடம்விட்டு எழுதுவதும் சரியே. அப்போது உடம்படுமெய் வேண்டாம்.

இடம்விட்டு, உடம்படுமெய்யையும் போடுவதுதான் அடுத்த பிழை. 'தெரிய வில்லை', 'முடிய வில்லை' என்று எழுதினால் 'வில்லை' தனிச்சொல்லாகிவிடுகிறது. அதற்கு மாத்திரை என்ற பொருளும் உண்டு, வில் என்னும் ஆயுதத்தை என்ற பொருளும் உண்டு. 'தெரியவில்லை' ஒரே சொல்லாகத்தான் நிற்க வேண்டும்.

நீளமான கோப்பில் இவ்விரண்டையும் கண்ணால் தேட வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸ் போன்ற மென்பொருளில் 'Find & Replace' பெட்டியைத் திறந்து, 'regular expressions' வசதியை இயக்கி, இந்த இரண்டு வரிகளையும் தனித்தனியாகத் தேடுங்கள்:

```
[க-ஹ](யுள்ள|யிருக்|யில்லை)
\s(வில்லை|வுள்ள|விருக்|யில்லை|யுள்ள)
```

முதல் வரி, உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத எழுத்தை அடுத்து, அதாவது அகர ஈற்றை அடுத்து, ய் வந்த இடங்களைப் பிடிக்கும். தேவையுள்ள, வழியில்லை போன்றவை இதில் சிக்காது. ஆனால் 'பயிருக்கு', 'தயிருக்கு' சிக்கும். இரண்டாவது வரியில் 'இராமன் வில்லை முறித்தான்' வந்து நிற்கும். ஆகவே 'அனைத்தையும் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

எந்தத் தேடலுக்கும் எளிதில் அகப்படாதது உகர ஈறு. பசு + ஐ பசுவை ஆகிறது. காசு + ஐ காசை ஆகிறது. இரண்டும் 'சு'வில்தானே முடிகின்றன? பசு இரண்டு குறில் மட்டுமே உள்ள சொல். அதன் உகரம் முற்றியலுகரம், முழுதாக ஒலிக்கும், அதனால் வ் பெறும். காசு என்பதில் முன்னால் நெடில் இருப்பதால் கடைசி உகரம் குறுகிவிடுகிறது. குற்றியலுகரம் உயிர் வந்தால் கெட்டு, ச் + ஐ சேர்ந்து 'சை' ஆகிவிடும். உடம்படுமெய்க்கு அங்கே இடமே இல்லை. மரபு + அணு மரபணு ஆவதும் இப்படித்தான்.

எனவே கு, சு, டு, து, பு, று என்று முடிந்தால் முதலில் சொல்லின் அளவைப் பாருங்கள். இரண்டு குறில் மட்டும் என்றால் வ் வரும்; அதற்கு மேற்பட்ட அளவு என்றால் உகரம் கெடும். அது, இது, எது ஆகிய மூன்றும் இதில் தனி: அதுவும், அதுவா என்று வ் பெற்றாலும், வேற்றுமை உருபோடு அதை, அதில் என்றே வரும்.

வல்லினம் அல்லாத எழுத்தோடு முடியும் உகரம் முற்றியலுகரம்தான். திருவாரூர், தெருவில் என்று வ் வர வேண்டும். ஆனால் கதவு, செலவு, உறவு ஆகியவை கதவை, செலவில், உறவை என்றே வழங்குகின்றன. முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்பதை 'முற்றும் அற்று ஒரோ வழி' என்று நன்னூலே ஒப்புகிறது. 'செலவுவை' என்று திருத்திவிடாதீர்கள்.

ஆட்பெயர்களில் விதியைவிடப் பெயர் சிதையாமல் இருப்பதே முக்கியம். பாபு என்பதன் உகரத்தைக் கெடுத்துப் 'பாபை' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. பாபுவை என்றே விடுங்கள். கோ + இல் விதிப்படி கோவில். கோயில் என்பதும் பழைய வழக்கே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, நூல் முழுதும் அதையே வைத்துக்கொண்டால் போதும்.