நிட்: ரீவி விபரத்தாளில் முதலில் தேடவேண்டிய சொல்

ரீவியின் விபரத்தாளில் பிரகாசம் 250 nits என்று இருக்கும், சிலவற்றில் 250 cd/m² என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். ஒளிர்தல் என்று பொருள்படும் nitere என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது நிட். ஒரு சதுர மீற்றர் பரப்பு, நேர் எதிரே இருப்பவரை நோக்கி எத்தனை கண்டெலா ஒளி விடுகிறது என்பதே அதன் அளவு. ஒரு கண்டெலா ஏறத்தாழ ஒரு மெழுகுதிரியின் ஒளி. பரப்புக்கான கணக்கு என்பதால், திரை பெரிதானாலும் நிட் அதிகரிக்காது.

தமிழில் இந்த அளவைத் துலக்கம் என்று எழுதலாம். துலங்குதல் என்றாலே ஒளிர்தல்தான். 'வெளிச்சம்' அறைக்கும் விளக்குக்கும் பொதுவாகிவிடுகிறது. அலகின் பெயர் நிட் என்றே இருக்கட்டும்.

வன்னியில் பகலில் கதவும் யன்னலும் திறந்தே இருக்கும் வீடுகளுக்கு இந்த எண் முக்கியம். விறாந்தைப் பக்கமிருந்து திரைமேல் 200 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது, அதில் நூற்றுக்கு 2 பங்கைத் திரை சிதறித் திருப்புகிறது என்று வைப்போம். 200 ஐ 0.02 ஆல் பெருக்கி 3.14 ஆல் வகுத்தால் 1.3 நிட் அளவில் வரும். படத்தின் கறுப்பு அதற்குக் கீழே போகாது.

இப்போது பனல் வகையைப் பாருங்கள். 250 நிட் திரையில், வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே 1000:1 வேற்றுமை கொண்ட IPS பனலின் கறுப்பு 0.25 நிட். 5000:1 கொண்ட VA பனலில் அது 0.05 தான். இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பகலில் இரண்டுமே அந்த 1.3 க்குள் அமிழ்ந்துவிடும். அப்போது உதவுவது துலக்கம்தான். ஆகவே பகலில் பார்ப்பவர் 400 நிட்டுக்குக் காசு கொடுக்கலாம், இரவில் மட்டும் பார்ப்பவருக்கு 250 நிட் VA போதும். ஆனால் VA பனலைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஹோல் நிறையச் சனம் இருக்கும் வீட்டில் அதையும் யோசிக்கவேண்டும்.

திரை ஒரு செக்கனில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற புதுப்பிப்பு வேகத்துக்கும் துலக்கத்துக்கும் தொடர்பில்லை. செய்திக்கும் நாடகத்துக்கும் 60 ஹெர்ட்ஸ் தாராளம்.

எண்ணுக்குப் பக்கத்தில் peak என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது திரையின் சிறு பகுதி சிறிது நேரம் எட்டும் உச்சம், முழுத்திரையின் துலக்கம் அல்ல. HDR என்ற ஒட்டியும் அப்படித்தான், இருளுக்கும் ஒளிக்கும் இடையே கூடிய வீச்சுள்ள படச் சமிக்ஞையை ரீவி ஏற்கும் என்பதைத் தாண்டி அது எதற்கும் உறுதி தராது. 250 நிட் திரையில் அதனால் பெரிய மாற்றம் தெரியாது.

யன்னல் அப்படியே கண்ணாடிபோலத் திரையில் தெரிவதை நிட் கணக்குச் சொல்லாது. அதற்குக் கடையில் ரீவியை அணைக்கச் சொல்லி, கடை விளக்கு திரையில் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று பாருங்கள்.