98 சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது?

குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி பற்றி விசாரித்தால் ஏஜென்ட் முதலில் சொல்வது ஒரு எண்ணைத்தான்: "எங்க கம்பெனி க்ளெய்ம் செட்டில்மென்ட் ரேஷியோ 98 சதவீதம் சார்." அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த 98 எதை எண்ணி வந்தது என்று கேட்டால் கதை கொஞ்சம் மாறும்.

கணக்கு சுலபம்தான். ஆண்டின் தொடக்கத்தில் நிலுவையில் கிடந்த இறப்பு க்ளெய்ம்களோடு அந்த ஆண்டில் வந்தவற்றையும் கூட்டி, அவற்றில் எத்தனைக்குப் பணம் கொடுத்தார்கள் என்று பார்ப்பார்கள். எத்தனைக்கு என்பதுதான் கேள்வி. எவ்வளவு ரூபாய் என்பதல்ல.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஓராண்டில் 1,000 க்ளெய்ம்கள். 950 பேர் தலா 3 லட்சம் ரூபாய்க்கு, சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி எடுத்தவர்கள். மீதி 50 பேருடையது தலா 1 கோடி ரூபாய் டேர்ம் பாலிசி. கம்பெனி மொத்தம் 20 க்ளெய்ம்களை நிராகரிக்கிறது: எண்டோமென்டில் 8, டேர்மில் 12. எண்ணிக்கைப்படி பார்த்தால் 98 சதவீதம், பளிச்சென்று இருக்கிறது. ரூபாயில் பார்ப்போம். கேட்கப்பட்டது 78.5 கோடி, கொடுத்தது 66.26 கோடி. விகிதம் 84 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. டேர்ம் பாலிசியை மட்டும் தனியாக எடுத்தால் 50-க்கு 38, அதாவது 76 சதவீதம்தான். நீங்கள் வாங்கப்போவதோ டேர்ம்!

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ஆண்டறிக்கையில் ஒவ்வொரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எண்ணிக்கை, தொகை இரண்டும் இருக்கும். டேர்ம், எண்டோமென்ட் என்று பிரித்துத் தர மாட்டார்கள். ஆனாலும் ஒரு வழி உண்டு. நிராகரித்த தொகையை நிராகரித்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கொடுத்த தொகையையும் அப்படியே. நம் கம்பெனியில் கொடுத்த க்ளெய்மின் சராசரி சுமார் 6.8 லட்சம், நிராகரித்ததன் சராசரி 61 லட்சம். பெரிய தொகைகள்தான் அங்கே சிக்குகின்றன என்று அந்த இடைவெளியே சொல்லிவிடும்.

அதை வைத்து உடனே ஏமாற்றுக்காரக் கம்பெனி என்று முத்திரை குத்தவும் முடியாது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி, பாலிசி தொடங்கி 3 ஆண்டு கடந்தால் எந்தக் காரணத்தாலும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. அதனால் அதற்கு முன்பு வரும் க்ளெய்ம்களைத்தான் துருவித் துருவி விசாரிப்பார்கள். சர்க்கரை நோயை மறைத்தது, புகைப்பழக்கத்தைச் சொல்லாதது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். புதிய கம்பெனியிடம் இருப்பவை பெரும்பாலும் இளம் பாலிசிகள், அதனால் விகிதம் குறைவாகத் தெரியும். பழைய கம்பெனியின் விகிதத்தை இருபது வருட எண்டோமென்ட்கள் தூக்கிப் பிடிக்கும்.

சரி, மருத்துவக் காப்பீட்டுக்கு வருவோம். இங்கே அடிபடுவது இன்கர்டு க்ளெய்ம் ரேஷியோ. ஓராண்டின் க்ளெய்ம் செலவை அந்த ஆண்டுக்குரிய பிரீமிய வருமானத்தால் வகுத்தால் கிடைப்பது. க்ளெய்ம் செலவு என்றால் கையை விட்டுப் போன பணம் மட்டுமல்ல; இன்னும் தீர்க்காத க்ளெய்ம்களுக்காக ஒதுக்கி வைப்பதும் சேரும்.

இது 62 என்றால் 38 சதவீத க்ளெய்ம்களை மறுத்துவிட்டார்கள் என்று பலர் படிக்கிறார்கள். அது தவறு. ஒருவரைக்கூட மறுக்காத கம்பெனிக்கும் 62 வரலாம். 100 ரூபாய் பிரீமியத்தில் 62 ரூபாய் க்ளெய்முக்குப் போனது, அவ்வளவுதான். மீதியில் கமிஷன், நிர்வாகச் செலவு, லாபம் எல்லாம் அடக்கம். புதிய வாடிக்கையாளர்கள் குவியும் கம்பெனியில் பலர், சில நோய்களுக்கு இன்னும் க்ளெய்ம் கேட்க முடியாத காத்திருப்புக் காலத்தில் இருப்பார்கள். அதனாலேயே எண் தாழும். அலுவலகங்களுக்கு மலிவாக விற்கும் குரூப் பாலிசிகள் அதிகமானால் எண் ஏறும். ஆகவே தனிநபர் பாலிசிக்கான விகிதம் தனியாகக் கிடைத்தால் அதைப் பாருங்கள்.

மருத்துவத்தில் இரண்டு விகிதமும் காட்டாத ஒன்று, பாதிப் பணம். அறை வாடகை வரம்பு 5,000 ரூபாய் என்று வைப்போம். நோயாளி 8,000 ரூபாய் அறையில் 4 நாள் இருந்தார். வாடகை 32,000, டாக்டர், அறுவை சிகிச்சைக் கட்டணம் 2 லட்சம், மருந்தும் பரிசோதனையும் 68,000. மொத்தம் 3 லட்சம். வரம்பை மீறியதால் வாடகையில் 20,000 மட்டும் கிடைக்கும். அறுவை சிகிச்சைக் கட்டணத்தையும் அதே எட்டுக்கு ஐந்து கணக்கில் வெட்டி 1,25,000 ஆக்குவார்கள். மருந்து, பரிசோதனைக்கு இந்த வெட்டு கிடையாது. கைக்கு வருவது 2,13,000; மீதி 87,000 குடும்பத்தின் தலையில். க்ளெய்ம் கணக்கிலோ இது ஒரு முழு செட்டில்மென்ட்.

இன்கர்டு க்ளெய்ம் ரேஷியோ தொடர்ந்து 100-க்கு மேல் நிற்கும் கம்பெனியைத் தாராளமானது என்று பாராட்டுபவர்களும் உண்டு. வாங்குவதை விட அதிகம் கொடுக்கிறார்கள், உண்மைதான். அந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புவார்கள் என்பது ஓரிரு ஆண்டில் வரும் புதுப்பிப்பு நோட்டீஸின் பிரீமியத்தில் தெரியும்.