மௌனம்: சொல்லுக்குள் இருப்பது வாய் அல்ல, முனி

கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பவரை "என்ன, மௌன விரதமா?" என்று கேட்கிறோம். மௌனம் என்றால் பேசாமை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்லைப் பிரித்தால் உள்ளே வாயும் இல்லை, பேச்சும் இல்லை. சுந்தரத்திலிருந்து சௌந்தரியம் வந்த மாதிரி முனியிலிருந்து வந்த வடசொல் மௌனம். முனியின் நிலை, முனியாக இருப்பது, அவ்வளவுதான் முதற்பொருள். முனி என்பதையும் எண்ணுதல் என்ற பொருளுள்ள 'மன்' வேரோடு சேர்த்துச் சொல்வதே வழக்கம். பேசாமல் இருப்பது முனிவர்களின் அடையாளமாக இருந்ததால் பின்னால் அதுவே சொல்லின் பொருளாகிவிட்டது.

கீதையின் 17ஆம் அத்தியாயம் தவத்தை உடல், வாக்கு, மனம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. மௌனம் வாக்குத் தவத்தில்தானே வரும் என்று தேடினால் அங்கே இல்லை. பிறரை நோகடிக்காத, உண்மையான, இனிமையும் நன்மையும் உள்ள பேச்சுதான் அங்கே இருக்கிறது, அதாவது பேச வேண்டும், ஒழுங்காகப் பேச வேண்டும்! மௌனமோ மனத் தவத்தின் பட்டியலில், மனத்தெளிவுக்கும் தன்னடக்கத்துக்கும் பக்கத்தில் நிற்கிறது.

சரி, விரதமாக இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் உள்ள பழைய உரை இரண்டு வகை சொல்கிறது. வாயை மட்டும் மூடிக்கொள்வது ஆகார மௌனம், இங்கே ஆகாரம் என்பது உணவு அல்ல, தோற்றம். சைகைகூடக் காட்டாமல் இருப்பது காஷ்ட மௌனம், காஷ்டம் என்றால் கட்டை. இந்தப் பிரிவினை ஏன் தேவைப்பட்டது என்பது ஒரு நாள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வாயை மூடியதும் கை பேசத் தொடங்கிவிடும், அப்புறம் புருவம், அப்புறம் பேனா.

காந்தியின் திங்கட்கிழமை மௌனம் பேனா வகை. 1947 ஜூன் 2 ஒரு திங்கள். பிரிவினைத் திட்டம் பற்றிப் பேச வைஸ்ராய் மவுண்ட்பேட்டனிடம் போனபோது காந்தி பழைய உறைகளின் பின்பக்கத்தில் எழுதித்தான் பதில் சொன்னார். அவசர விஷயமாக உயர் பொறுப்பில் இருப்பவர்களிடம் பேசலாம், நோயாளிகளைக் கவனிக்கும்போது பேசலாம் என்று விரதம் எடுக்கும்போதே இரண்டு விலக்குகள் வைத்திருந்ததையும் அதில் எழுதினார். ஆனாலும் பேசவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் பாதிப் பேச்சு தானாகவே உதிர்ந்துபோகும், இந்த வகை மௌனத்தின் பயன் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநய பிடகத்தில் ஒரு கதை. கோசல நாட்டில் சில பிக்குகள், சண்டை சச்சரவு இல்லாமல் மழைக்காலத்தைக் கழிக்க, பேசுவதே இல்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பிச்சையெடுத்து முதலில் திரும்புபவர் இருக்கை போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைப்பார். கடைசியில் வருபவர் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக் கூட்டிவிடுவார். தண்ணீர்ப் பானை காலியாகி, தனியாகத் தூக்க முடியவில்லை என்றால் கையசைத்து இன்னொருவரைக் கூப்பிடுவார், அதற்காகக்கூட வாயைத் திறப்பதில்லை. காலம் முடிந்ததும் புத்தரிடம் போய் நிம்மதியாக இருந்தோம் என்றார்கள். பாராட்டு கிடைக்கவில்லை. ஆடுமாடுகள் ஒன்றாக அடைந்து கிடப்பது போல இருந்துவிட்டு நிம்மதி என்கிறீர்களே என்று கடிந்து, ஊமை விரதத்தையே தடை செய்தார். அதற்குப் பதில் பவாரணை என்று ஒன்றை ஏற்படுத்தினார். மழைக்கால முடிவில் ஒவ்வொருவரும் தன்னிடம் கண்ட, கேட்ட, சந்தேகித்த குற்றத்தைச் சொல்லும்படி மற்றவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சண்டையைத் தவிர்க்க வாயை மூடுவது அவர் கணக்கில் பயிற்சியே இல்லை.

அதே புத்தர் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததும் தெரிந்ததுதான். அதற்கு மணிமேகலையில் அழகான பெயர் இருக்கிறது: வாய்வாளாமை. கேள்விக்கு விடை சொல்லும் நான்கு முறைகளில் அது கடைசி. ஆகாயப்பூ பழையதா புதியதா என்று ஒருவன் கேட்டால், என்ன சொன்னாலும் அப்படி ஒரு பூ இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும், அதனால் வாய்வாளாமை.

ஆகவே மௌனத்துக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடினால் மாட்டிக்கொள்வோம். விரதத்துக்குப் பேசாநோன்பு பொருந்தும். தெரிந்தே பதில் சொல்லாமல் விடுவது வாய்வாளாமை. உள்ளே அடங்கிய நிலைக்கு மௌனமே தமிழில் மோனம் ஆகி, "மோனம் என்பது ஞான வரம்பு" என்று கொன்றை வேந்தனில் ஏறிவிட்டது. அருணகிரியார் "சும்மா இரு சொல் அற" என்று நம் சும்மாவையே அதற்கு வைத்தார். அரசியல்வாதி கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவும்போது "மௌனம் காத்தார்" என்று எழுதுகிறார்களே, அவருக்கு இதில் எதுவும் வேண்டாம், "பதில் சொல்லவில்லை" போதும்.