நெஞ்சில் கோத்த நீரும் நாற்பது ஆண்டுக்கு முந்தைய வேலையும்

மீசோதீலியோமா என்பது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய். நுரையீரல் மருத்துவராக நான் பார்த்த மீசோதீலியோமா நோயாளிகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வேறொரு நோயின் பெயரைச் சுமந்து, அதற்கான மருந்தைப் பல மாதங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். ஏன் இப்படி நேர்கிறது என்பதை அவர்களுள் ஒருவரின் கதையைக் கொண்டு சொல்ல முயல்கிறேன். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 63. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதால் வேறொரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோது வலப்பக்க நெஞ்சில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. ஊசி போட்டு ஒன்றேகால் லிட்டர் நீரை எடுத்தார்கள். புரதம் மிகுந்த மஞ்சள் நிற நீர், அதிலிருந்த அணுக்களில் பெரும்பகுதி லிம்போசைட்டுகள், ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு 44. புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை. இந்த அறிக்கையைப் படிக்கும் எந்த மருத்துவரின் நினைவுக்கும் முதலில் வருவது காசநோய்தான். ஏ.டி.ஏ. 40-ஐத் தாண்டி, லிம்போசைட்டுகளும் மிகுந்திருந்தால், காசநோய் அதிகமுள்ள இடங்களில் அப்படி முடிவு செய்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காசநோய்க் கிருமி அந்த நீரில் நேரடியாக அகப்படுவது அரிது என்பதால், கிருமி தெரியவில்லை என்பதும் யாரையும் நிறுத்தி யோசிக்க வைக்கவில்லை. ஆறு மாத மருந்து தொடங்கப்பட்டது.

இரண்டாவது மாதத்தில் நீர் மறுபடியும் சேர்ந்தது. இம்முறை எடுத்த நீர் இலேசாகச் சிவந்திருந்தது. அதிலும் புற்றுநோய் செல்கள் இல்லை என்றே அறிக்கை வந்தது. மருந்துக்கு உடல் மெதுவாகத்தான் கட்டுப்படும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் என்னிடம் வந்தபோது எட்டு மாதங்கள் கழிந்திருந்தன. எடை ஏழு கிலோ குறைந்திருந்தது. அவரை வருத்தியது மூச்சுத்திணறலைவிட வலிதான்.

அந்த வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நோயின் முதல் தடயம் பல நேரங்களில் அதற்குள் இருக்கிறது. நுரையீரலைச் சுற்றி ப்ளூரா என்னும் மெல்லிய உறை இரண்டு அடுக்காக அமைந்திருக்கிறது. நுரையீரலோடு ஒட்டிய உள்ளடுக்குக்கு வலி தெரியாது. விலா எலும்புகளை ஒட்டிய வெளியடுக்கு விலா நரம்புகளிலிருந்து கிளைகளைப் பெறுவதால், அதற்கு வலி நன்றாகத் தெரியும். சாதாரண உறையழற்சியில் மூச்சை இழுக்கும்போது கத்தியால் குத்துவது போல வலிக்கும். இரண்டு அடுக்குகளும் உரசுவதால் வரும் வலி அது. நீர் சேர்ந்து அடுக்குகள் விலகியதும் பெரும்பாலும் குறைந்துவிடும். மீசோதீலியோமா அந்த வெளியடுக்கிலேயே பிறந்து, நெஞ்சுச் சுவருக்குள் மெல்ல வேர் விடுகிறது. அதனால் மூச்சோடு கூடாமலும் குறையாமலும், இரவும் பகலும் ஒரே சீராக, பாறாங்கல்லை வைத்து அழுத்துவது போன்ற மந்தமான வலி இருக்கும். உதரவிதானத்தின் நடுப்பகுதியைத் தொட்டால் வலி தோளில் தெரியும். தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே மாதங்களைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த நோயாளியும் அதைத்தான் சொன்னார்: "தண்ணியை எடுத்ததும் மூச்சு சரியாகுது டாக்டர், வலி மட்டும் அப்படியே இருக்கு."

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டபோது, கிடங்கில் கணக்கு எழுதியதாகச் சொன்னார். பழைய கோப்பிலும் 'கணக்கர், ஓய்வு பெற்றவர்' என்றே எழுதியிருந்தது. அது பொய்யில்லை; ஆனால் கடைசி வேலை எது என்ற கேள்விக்கு மட்டுமே அது பதில். மீசோதீலியோமாவில் தூசியை மூச்சில் இழுத்த காலத்துக்கும் நோய் வெளிப்படும் காலத்துக்கும் இடையே பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் கழிந்திருக்கும். ஆகவே முதல் சம்பளம் வாங்கிய வேலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னேன். 19 வயதிலிருந்து 24 வயதுவரை, கொதிகலன் குழாய்களுக்கு வெப்பத்தடுப்பு உறை போடும் குழு ஒன்றில் அவர் இருந்திருக்கிறார். மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்துக் குழாய் மேல் பூசுவதும், பழைய உறையைச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்து எடுப்பதும்தான் வேலை. அந்த மூட்டையில் என்ன இருந்தது என்று கேட்டேன். "வெள்ளையா நார் நாரா இருக்கும். அதோட பேரு எங்களுக்கு யாரும் சொல்லல" என்றார்.

அது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு நுரையீரலின் அடியாழம்வரை போய், அங்கிருந்து உறையைச் சென்றடைகின்றன. நீளமான இழைகளை உடலின் காப்பு அணுக்களால் முழுதாக விழுங்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. அந்த முயற்சியில் அவை தோற்றுக்கொண்டே இருக்க, அழற்சி பல ஆண்டுகளுக்கு அணையாமல் புகைந்து, உறைச் செல்களின் மரபணுக்களைச் சிதைக்கிறது. இதற்கும் புகைப்பழக்கத்துக்கும் தொடர்பில்லை. கல்நாரோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பலமடங்கு பெருகும் என்பது உண்மை. ஆனால் மீசோதீலியோமா ஒருபோதும் புகைக்காதவருக்கும் வரும். இந்த நோயாளி பீடியைத் தொட்டதே இல்லை; அதனாலேயே புற்றுநோயாக இருக்கும் என்ற எண்ணம் முன்பு யாருக்கும் எழவில்லை.

இனி, நீர்ப் பரிசோதனை ஏன் இருமுறையும் ஏமாற்றியது என்பதற்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதியதே இதற்காகத்தான். மீசோதீலியோமா உள்ளவர்களின் நெஞ்சு நீரை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே அதிலிருந்து நோய் தெரியவருகிறது. மற்றவர்களுக்கு 'புற்றுநோய் செல்கள் இல்லை' என்றோ, 'தூண்டப்பட்ட உறைச் செல்கள்' என்றோதான் அறிக்கை வரும். நோயியல் நிபுணரின் கவனக்குறைவு இதற்குக் காரணமன்று. உறையில் எந்த அழற்சி ஏற்பட்டாலும் அதன் செல்கள் பெருகி, பெருத்து, கொத்துக் கொத்தாக நீரில் உதிரும். அவை பார்வைக்குப் புற்றுநோய் செல்களைப் போலவே இருக்கும். புற்றுநோய் செல்களும் சாதுவான உறைச் செல்களைப் போலவே தோற்றமளிக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் உறுதியான அடையாளம், அந்தச் செல்கள் உறையைத் துளைத்து அடியிலுள்ள கொழுப்புக்குள் நுழைந்திருக்கின்றனவா என்பதே. நீரில் மிதக்கும் தனிச் செல் தான் எங்கிருந்து பிரிந்தது என்பதைச் சொல்லாது. மேலும், சார்கோமா வகையைச் சேர்ந்த மீசோதீலியோமா நீருக்குள் செல்களை உதிர்ப்பதே அரிது. அந்த வகையில் எத்தனை முறை நீரெடுத்தாலும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஆகவே இரண்டாவது முறையும் நோய் தெரியவில்லை என்றால், மூன்றாம் முறை அதே நீரை எடுப்பதைவிட உறையின் ஒரு துண்டை எடுத்துப் பார்ப்பதே முறை.

சி.டி. ஸ்கேனில் வலப்பக்க உறை நுரையீரலைச் சுற்றி வளைத்தாற்போல் தடித்து, முண்டு முண்டாக இருந்தது. இதயத்தை ஒட்டிய உட்புறத்திலும் அந்தத் தடிப்பு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. காசநோய்த் தழும்பு அந்த உட்புறத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நீர் நிறைந்த பக்கம் வழக்கமாக மறுபக்கத்தைத் தள்ளும்; இங்கே அந்தப் பக்கமே சுருங்கியிருந்தது. நோயில்லாத இடப்பக்கத்தில், உதரவிதானத்தின் மேல் சுண்ணாம்பு படிந்த தகடுகள் சில தெரிந்தன. அந்தத் தகடுகள் புற்றுநோயல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இந்த மனிதர் கல்நார்த் தூசியை இழுத்திருக்கிறார் என்பதற்கு அவை உடலே எழுதிவைத்த சாட்சி. முதல் எக்ஸ்ரேயை மறுபடி வாங்கிப் பார்த்தபோது அந்தத் தகடுகள் அதிலும் மங்கலாக இருந்தன.

பிறகு தொராக்கோஸ்கோபி செய்தோம். விலாக்களுக்கு இடையே ஒரு சிறு துளையிட்டு, நீரை வடித்துவிட்டு, கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி உறையை நேரில் பார்த்துத் துண்டெடுக்கும் முறை இது. பார்க்காமல் ஊசியால் குத்தி எடுக்கும் பழைய பயாப்சி, நோய் பரவாத இடத்தில் விழுந்தால் வெறும் அழற்சி என்றுதான் சொல்லும். கண்ணால் பார்த்து எடுக்கும்போது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விடை கிடைக்கிறது. பல இடங்களிலிருந்து, கொழுப்பும் சேர்ந்து வரும்படி ஆழமாக எடுத்தோம். மேலாக மட்டும் கிள்ளி எடுத்தால், துளைத்து நுழைந்ததா என்ற அதே கேள்விக்கு மறுபடியும் பதில் இராது. செல்கள் கொழுப்புக்குள் இறங்கியிருந்தன. நுரையீரல் புற்றுநோய் உறைக்குப் பரவியதாக இருக்குமோ என்பதைப் பிரித்தறிய, உறைச் செல்லுக்குரிய கால்ரெட்டினின் போன்ற சாயங்களையும் நுரையீரல் செல்லுக்குரிய சாயங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். பி.ஏ.பி-1 என்ற புரதம் செல்களின் உட்கருவிலிருந்து மறைந்திருந்ததும் உறுதியைக் கூட்டியது. சாதாரண அழற்சியில் அது மறைவதில்லை. எபிதீலியாய்டு வகை மீசோதீலியோமா என்று அறிக்கை வந்தது.

தொராக்கோஸ்கோபியிலும் சில சமயம் 'குறிப்பிட்ட காரணமற்ற உறையழற்சி' என்ற விடையே வரும். அப்படி வந்தவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் பின்னர் மீசோதீலியோமா வெளிப்படுவதுண்டு. கல்நாரோடு வேலை செய்தவருக்கு அந்த விடை வந்தால், குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்காவது ஸ்கேனோடு தொடர்ந்து பார்ப்பது என் வழக்கம்.

சிகிச்சையைப் பற்றி ஒளிக்காமல் சொல்வதானால், பெமெட்ரெக்ஸெட்டும் பிளாட்டின மருந்தும் சேர்ந்த கீமோதெரபி, அல்லது நிவோலுமாப், இப்பிலிமுமாப் என்ற இரு எதிர்ப்பாற்றல் மருந்துகள், இவை வாழ்நாளை மாதக் கணக்கில் நீட்டிக்கின்றன; குணமாக்குவதில்லை. எட்டு மாதத் தாமதத்தால் அவர் இழந்தது குணமாகும் வாய்ப்பை என்று சொல்ல மாட்டேன். நீர் மறுபடி சேராதிருக்க டால்க் தூளால் இரண்டு அடுக்குகளையும் ஒட்டவைக்கும் சிகிச்சை உண்டு. அதற்கு நுரையீரல் விரிந்து நெஞ்சுச் சுவரைத் தொட வேண்டும். அவருடைய நுரையீரலைத் தடித்த உறை இறுக்கிக் கட்டிவிட்டிருந்ததால் அது விரியவில்லை. வீட்டிலேயே நீரை வடித்துக்கொள்ளும் நிரந்தரக் குழாய் ஒன்றைப் பொருத்தி, வலிக்கு மார்பினைத் தொடங்கினோம். பல மாதங்களுக்குப் பிறகு அன்றிரவுதான் முழுதாகத் தூங்கினேன் என்றார்.

குழாயைக் கையாளக் கற்றுக்கொண்டவர் அவருடைய மனைவி. மூன்றாவது முறை வந்தபோது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "அப்போ அவரு சட்டையைத் தினமும் உதறித் துவைச்சது நான்தானே டாக்டர், எனக்கும் வருமா?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. 1960-இல் வாக்னரும் அவருடைய சக மருத்துவர்களும் தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார் வயல்களோடு இந்த நோயைத் தொடர்புபடுத்தி 33 பேரின் விவரங்களை வெளியிட்டபோதே, அவர்களில் சுரங்கத்தில் இறங்காமல் அருகில் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். வேலையுடையைத் துவைத்த மனைவியருக்கு இந்நோய் வந்தது பின்னர் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அவர் துவைத்தது ஐந்தாண்டு. வருவதற்கான வாய்ப்பு சிறியது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது என்றேன். நோய் வருமுன் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருப்பதால் ஆயுள் கூடும் என்று இதுவரை நிறுவப்படவில்லை, அதையும் சொன்னேன். பிறகு அவருக்கென்று ஒரு கோப்பைத் திறந்து, முதல் வரியில், அவர் எந்த மருத்துவரிடம் போனாலும் கண்ணில் படும்படி எழுதினேன்: 'கணவரின் வேலையுடை வழியாக ஐந்தாண்டு கல்நார்த் தூசி. நெஞ்சில் ஒரு பக்கம் நீர் கோத்தால் நீர் அறிக்கையோடு நிறுத்த வேண்டாம், உறையைப் பார்க்கவும்.' அந்தத் தாளின் நகல் ஒன்றை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.