பச்சைச் சுவரில் மழை பெய்வது எப்படி?

தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர்கள் ஏன் பச்சை உடை அணிவதில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர்கள் கை காட்டும் இடத்தில் வரைபடமே கிடையாது. பின்னால் இருப்பது வெறும் பச்சைச் சுவர்.

வரைபடம் தனியாக ஒரு கணினியில் தயாராகிறது. வானிலையைக் கணிக்கும் கணினி நிரல் தரும் மழையளவு, காற்று, வெப்பநிலை எண்களை கிராபிக்ஸ் மென்பொருள் வண்ணங்களாக மாற்றும். அந்தப் படத்தையும் கேமரா படத்தையும் ஒட்டுவதுதான் 'குரோமா கீ'. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கேமரா படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. பச்சை எண்ணிலிருந்து, மற்ற இரண்டில் பெரியதைக் கழிக்க வேண்டும். சுவரின் பிக்சல் 40, 180, 60 என்றால் மிச்சம் 120. அங்கே வரைபடம் முழுதாகத் தெரியும். முகத்தின் பிக்சல் 210, 160, 130 என்றால் மிச்சம் சுழியத்துக்கும் கீழே. முகம் அப்படியே நிற்கும். தோல் எந்த நிறமானாலும் அதில் சிவப்பே மேலோங்குவதால்தான் சுவருக்குப் பச்சை பொருந்துகிறது. பச்சைச் சட்டை போட்டால் சட்டை இருக்கும் இடத்திலும் மேகம் ஓடும்.

அழகு முடியோரத்தில்தான். அங்கே ஒரே பிக்சலில் கொஞ்சம் முடி, கொஞ்சம் சுவர். 60, 120, 50 என்று வந்தால் மிச்சம் 60, அதாவது சுவரின் மதிப்பில் பாதி. ஆகவே பாதி வரைபடம், பாதி முடி. கூடவே பச்சையை 60-க்கு இறக்கிவிட்டால் முடியில் ஒட்டிய பச்சைச் சாயமும் போய்விடும்.

சிக்கலும் இதே கணக்கில்தான். நிழல் விழுந்த சுவர் 25, 90, 30 என்று பதிவானால் அங்கும் மிச்சம் 60. முடியா நிழலா என்று கணினிக்குத் தெரியாது. வரைபடத்தின் மேல் அழுக்குக் கறை தெரியும். கறையை மறைக்க, முழு வரைபடத்துக்கு மிச்சம் 60 இருந்தாலே போதும் என்று அளவைத் தளர்த்தினால் முடியோரம் கடித்தாற்போல் ஆகும். மென்பொருளில் திருகுவதைவிட, சுவருக்குத் தனி விளக்குகளைச் சீராக வைத்து, ஆளைச் சில அடி முன்னால் நிறுத்துவதே சரியான வைத்தியம்.

சுவரில் ஒன்றும் தெரியாததால், பேசுபவர் இரு பக்கமும் உள்ள மானிட்டர்களில் ஒட்டிய படத்தைப் பார்த்துத்தான் கையை நகர்த்துகிறார். கேமராவைப் பார்த்து நிற்கும் அவருக்குக் கிழக்கு இடக்கைப் பக்கம். கண் பக்கவாட்டில் போவதால், கேமராமுன் ஓடும் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்க முடியாது. எனவே பலரும் வரி வரியாக எழுதிய உரையை வைத்துக்கொள்வதில்லை. வரைபடங்களின் வரிசைதான் உரை. 2 நிமிடத்துக்கு 6 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. கையிலுள்ள கிளிக்கரை அழுத்தினால் அடுத்த படம் வரும். தவறிப்போய் இருமுறை அழுத்தினால், வாய் இன்றைய மழையில் இருக்கும்போது படம் நாளைய வெயிலுக்குத் தாவிவிடும்.