ஏ.எம்., பி.எம்.: டூட்டி சார்ட்டில் 12 மணி எந்த நாளைச் சேர்ந்தது?

கடலூர் சிப்காட் ஆலைகளிலும், புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் டூட்டி சார்ட் எழுதுபவர்களுக்கு ஏ.எம்., பி.எம். என்ற இரண்டு குறிகளும் தினமும் கையில் புழங்குபவை. ஆனால் அவற்றின் பொருள் தெரிந்தால்தான், 12 மணியில் மட்டும் அவை ஏன் தடுமாறுகின்றன என்பது விளங்கும்.

இரண்டும் லத்தீன் சொற்களின் சுருக்கம். ஏ.எம். என்பது ஆன்டே மெரிடியெம், அதாவது நண்பகலுக்கு முன். பி.எம். என்பது போஸ்ட் மெரிடியெம், நண்பகலுக்குப் பின். ‘மெரிடியெஸ்’ என்ற சொல்லில் ‘நடு’வும் ‘பகல்’ என்பதும் சேர்ந்திருக்கின்றன. நடுப்பகலில் ரோமானியர்களுக்குச் சூரியன் தெற்கே நின்றதால், அதே சொல்லுக்குத் தெற்கு என்ற பொருளும் உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான பிரெஞ்சுச் சொல் ‘மிதி’யும் நண்பகல், தெற்கு என இரண்டையும் குறிக்கும்.

ஆக, இந்தக் குறிகள் நண்பகலை நடுவில் நட்டுவைத்து, அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்கின்றன. நண்பகல் 12 மணி எந்தப் பக்கமும் இல்லை, அதுவே நடுக்கல். நள்ளிரவு 12 மணியோ ஒரு நண்பகலுக்கு 12 மணி நேரம் பின்னாலும், அடுத்த நண்பகலுக்கு 12 மணி நேரம் முன்னாலும் நிற்கிறது. சொற்பொருளின்படி அதற்கு இரண்டு குறியுமே பொருந்தும். நண்பகலை 12 PM என்றும் நள்ளிரவை 12 AM என்றும் கடிகாரங்களும் செல்போன்களும் காட்டுவது வெறும் வழக்கம்தான். 12 மணி 1 நிமிடம் பி.எம். ஆகிவிடுவதால், 12-ஐயும் அதோடு சேர்த்துவிட்டார்கள். வழக்கத்தை மனப்பாடம் செய்தவருக்குத் தெரியும், மற்றவர் ஊகிக்க வேண்டும்.

தமிழில் நேர்ச்சொல் முற்பகல், பிற்பகல். முன் + பகல், பின் + பகல் என்ற புணர்ச்சியில் பிறந்தவை. திருக்குறளின் 319-ஆம் குறளிலேயே இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. அழைப்பிதழில் ‘மு.ப. 10.30’ என்று அச்சிட்டால் குறை ஒன்றுமில்லை. டூட்டி சார்ட்டுக்கு மட்டும் இவை போதாது. தமிழில் முற்பகல் என்றால் பகலின் முன்பாதி. ராத்திரி 2 மணியை ‘மு.ப. 2’ என்று எழுதினால் கணக்குச் சரியாக இருக்கும், ஆனால் படிப்பவர் மனம் பகலைத் தேடும். நம் வாய்ச்சொல் அதைவிடத் துல்லியமானது: விடியற்காலை 4, காலை 6, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10. மணிக்குப் பக்கத்தில் இந்தப் பொழுதுச் சொல்லையே போடலாம். 12-க்கு நண்பகல், நள்ளிரவு என்று முழுச்சொல் எழுத வேண்டும்.

அப்படி எழுதியும் ஒரு குழி மிச்சம் இருக்கிறது, பெரிய குழியும் அதுதான். நமக்கு நாள் என்பது விடியலில் தொடங்குவது. திங்கட்கிழமை ராத்திரி 2 மணி என்றால், திங்கள் பொழுது சாய்ந்தபின் வரும் இரவைத்தான் சொல்கிறோம். கடிகாரத்துக்கு அது செவ்வாய்.

ஒரு சார்ட்டில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘14 செவ்வாய், 12 AM – 8 AM’. எழுதிய சூப்பர்வைசரின் எண்ணம், 13 திங்கள் இரவு பதினொன்றரைக்கெல்லாம் ஆள் கேட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது. படித்தவரோ, “செவ்வாய் நைட் ஷிப்ட்” என்று எடுத்துக்கொண்டு 14-ஆம் தேதி இரவு வருகிறார். அது 15 புதன் 00:00. ஒரு முழு நாள் தவறிவிட்டது. திங்கள் இரவு முந்தைய ஷிப்ட் ஆள் மாற்றுக்கு ஆள் வராமல் மாட்டிக்கொள்கிறார், செவ்வாய் இரவு ஒரே வேலைக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். இதே வரியை நண்பகல் 12 என்று படிப்பவரும் உண்டு. ஆனால் முடியும் நேரம் 8 AM என்று இருப்பதைக் கண்டதும் அவர் சந்தேகப்பட்டுக் கேட்டுவிடுவார். நாள் குழப்பத்தில் அந்தச் சந்தேகம் வராது, வரியில் எல்லாமே சரியாகத் தெரியும்.

இதில் சம்பளக் கணக்கும் அடங்கியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலை முந்தைய நாளின் கணக்கில் சேரும் என்று வகுத்தது. வார விடுமுறையும் ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்றது. அதன்படி திங்கள் 22:00-க்குத் தொடங்கும் ஷிப்ட் முழுவதும் திங்கள் கணக்கு. 00:00-க்குத் தொடங்குவது நள்ளிரவைத் தாண்டுவதே இல்லை, அதனால் அது செவ்வாய் கணக்கு. வாய்ப்பேச்சில் இரண்டுமே திங்கள் நைட்தான்.

‘ரயில்வே டைம்’ என்று நாம் சொல்லும் 24 மணி முறை, ஏ.எம்., பி.எம். குழப்பத்தை அடியோடு நீக்கும். நாள் குழப்பத்தை நீக்காது. 00:10 மணி ரயிலுக்கு டிக்கெட்டில் உள்ள தேதியன்று இரவு ஸ்டேஷன் போய், வண்டி நேற்று ராத்திரியே போய்விட்டது என்று அறிபவர்கள் இந்தக் குழியில் விழுந்தவர்கள்தான். இன்னொரு வழுக்கல் கடைசி இலக்கத்தில். 16:00-ஐ 6 மணி என்றும், 18:00-ஐ 8 மணி என்றும், 20:00-ஐ 10 மணி என்றும் அவசரத்தில் படித்துவிடுவார்கள். எல்லாம் இரண்டு மணி நேரத் தாமதம். 13 முதலான மணிகளில் 12-ஐக் கழித்துப் பழகும்வரை, ‘20:00 (இரவு 8)’ என்று பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

எழுத வேண்டிய முறை, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனித் தேதியும் கிழமையும்:

13 திங்கள் இரவு 22:00 – 14 செவ்வாய் காலை 06:00

நள்ளிரவில் தொடங்குவதென்றால், ஆள் வீட்டிலிருந்து கிளம்பும் நாளையும் சொல்ல வேண்டும்:

14 செவ்வாய் 00:00 (13 திங்கள் இரவு 23:45-க்கு வரவும்) – 14 செவ்வாய் காலை 08:00

எக்செல்லில் போடும்போது, `10:00` என்று மட்டும் அடித்தால் அது காலை பத்தாகவே பதியும். `10:00PM` என்று இடைவெளி விடாமல் அடித்தால் நேரமாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இரவு ஷிப்டில் முடிவிலிருந்து தொடக்கத்தை நேராகக் கழித்தால் விடை எதிர்மறையாகிக் கட்டம் முழுக்க ##### வரும். தொடக்கம் A2-விலும் முடிவு B2-விலும் இருந்தால், வேலை நேரத்துக்கு இது:

```
=MOD(B2-A2,1)*24
```

விடைக் கட்டத்தின் வடிவம் எண்ணாக இருக்க வேண்டும். 22:00, 06:00 போட்டால் 8 வரும். 22:00-க்குப் பதில் 10:00 விழுந்திருந்தால் 20 வரும். 12 மணி நேர ஷிப்டில் ஒரு பக்கம் மாறினால் 0 வரும். எட்டு மணி ஷிப்டுகளில் 20 தெரிந்தால் அந்த வரியில் ஏ.எம்., பி.எம். ஒன்று இடம் மாறியிருக்கிறது என்று பொருள். இரண்டு பக்கமும் மாறி இரவு 10 – காலை 6 என்பது காலை 10 – மாலை 6 ஆகிவிட்டால் மட்டும் விடை 8 ஆகவே நிற்கும். அதைச் சூத்திரம் காட்டாது, ஷிப்ட் பெயரையும் தொடங்கும் நேரத்தையும் வரிவரியாக ஒப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.